பால் ரசீது எஸ்.எம்.எஸ்.ஸிலிருந்து செயலிக்கு: இரண்டு முறை எழுதப்பட்ட ஒரு மின்னஞ்சல்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கோரத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி, வேலந்தாவளம் என்று ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. நிர்வாகம் கேரளம், வீட்டுப் பேச்சு தமிழ். சந்தைக்குக் கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கம் போவதும் சகஜம். தென்னையும் மாடும்தான் பிழைப்பு. கேரளத்தில் பாலுக்குப் பேர்போன வட்டாரம் இது.

இந்தப் பக்கத்தில் சில கொள்முதல் மையங்கள் வைத்திருக்கும் ஒரு தனியார் பால் நிறுவனம், உறுப்பினர்களுக்காக ஒரு செயலி நடத்துகிறது. காலையிலும் சாயங்காலமும் பால் ஊற்றியதும் அனலைசர் கொழுப்பையும், கொழுப்பல்லாத திடப்பொருளான எஸ்.என்.எஃப்.பையும் அளக்கும். உடனே உறுப்பினரின் எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். போகும்: இத்தனை லிட்டர், கொழுப்பு இவ்வளவு, எஸ்.என்.எஃப் இவ்வளவு, தொகை இவ்வளவு. இந்த எஸ்.எம்.எஸ்.ஸை நிறுத்திவிட்டு அதையே போன் திரையில் செயலி காட்டும் புஷ் அறிவிப்பாக அனுப்புவது என்று நிறுவனம் முடிவு செய்தது. உறுப்பினர்களுக்கு அதைச் சொல்ல ஒரு மின்னஞ்சல் போனது. அது வேலை செய்யவில்லை. இரண்டாவதாக ஒன்று எழுத வேண்டி வந்தது. அந்த இரண்டாவதை எழுதுவதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

ஏன் மாற்ற நினைத்தார்கள்

காசுதான் காரணம். ஆனால் அந்தக் காசுக்குள் மொழியும் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் போகும் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் 160 எழுத்து கொள்ளும். தமிழோ மலையாளமோ சேர்ந்தால் அது யூனிகோடு செய்தியாகி, கொள்ளளவு 70 ஆகச் சுருங்கும். அதைத் தாண்டினால் துண்டு துண்டாகப் போகும், துண்டுக்கு 67தான். ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கட்டணம். மெய்யெழுத்தின் புள்ளி, துணைக்கால், கொம்பு எல்லாமே இதில் தனித்தனியாக எண்ணப்படும். ‘கொழுப்பு’ என்பது நம் கண்ணுக்கு நான்கைந்து எழுத்து, எஸ்.எம்.எஸ். கணக்கில் எட்டு.

இந்த வரியைப் பாருங்கள்: ‘காலை பால் 6.4 லி, கொழுப்பு 4.0, எஸ்.என்.எஃப் 8.4, தொகை ரூ.284.80’. இடைவெளியும் சேர்த்து 64. மயிரிழையில் ஒரு செய்திக்குள் அடங்குகிறது. இதோடு ‘உறுப்பினர் 118’ என்று சேர்த்தால் 70ஐத் தாண்டி இரண்டு செய்தி ஆகிவிடும். ஒரு செய்தி 20 பைசா என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு இரண்டு வேளை, மாதம் 60 ரசீது. ஆங்கிலத்தில் 12 ரூபாய், தமிழில் 24 ரூபாய், இது ஒரு உறுப்பினருக்கு மட்டும். அதனால்தான் இத்தனை நாளும் தமிழ்க் குடும்பங்களுக்கு ‘Qty’, ‘Fat’ என்று ஆங்கிலத்திலேயே போய்க்கொண்டிருந்தது. புஷ் அறிவிப்புக்கு எழுத்துக் கணக்குப் பார்த்துக் கட்டணம் கிடையாது. தமிழிலோ மலையாளத்திலோ, அவரவர் தேர்ந்த மொழியில் அனுப்பலாம்.

இன்னொரு நச்சரிப்பும் இருந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராயின் 2018 விதிமுறைப்படி, நிறுவனங்கள் அனுப்பும் ஒவ்வொரு எஸ்.எம்.எஸ்.ஸின் வாசகமும் டி.எல்.டி. என்ற பதிவுத் தளத்தில் வார்ப்புருவாக முன்பே பதிவாகியிருக்க வேண்டும். எண் மாறும் இடங்கள் தவிர வேறு சொல் மாறினால் தொலைபேசி நிறுவனம் செய்தியைத் தடுத்துவிடும். ரசீதில் ஒரு சொல் கூட்ட வேண்டுமென்றாலும் புது வார்ப்புரு, புது ஒப்புதல்.

ஆக, மாற்ற நினைத்தது நியாயம். சொன்ன விதத்தில்தான் கோளாறு.

முதல் மின்னஞ்சல்

அது ஒரே படமாக வடிவமைக்கப்பட்டிருந்தது. மேலே பசுமாடு, நடுவில் ஊதா நிறப் பெட்டி. அதற்குள் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

> அன்பார்ந்த வாடிக்கையாளரே, உங்கள் அனுபவத்தை மேலும் சிறப்பாக்க எங்கள் அறிவிப்புச் சேவையை மேம்படுத்துகிறோம். வரும் 1ஆம் தேதி முதல் அனைத்து எஸ்.எம்.எஸ். அறிவிப்புகளும் நிறுத்தப்படும். தடையற்ற சேவைக்கு, புஷ் அறிவிப்பை இப்போதே இயக்கவும்.

கீழே ‘இப்போதே இயக்கு’ என்று ஒரு பொத்தான்.

1ஆம் தேதி காலை ஏழு மணிக்கு எருத்தேன்பதிப் பக்கத்து மையம் ஒன்றில் நடந்த பேச்சை, அங்கே கணக்கு எழுதும் பெண் பின்னால் என்னிடம் சொன்னார்.

“ஏனுங்கம்மிணி, ஊத்தி அரைமணி நேரமாச்சு, மெசேஜே வரல. கணக்குல ஏறுச்சா இல்லியா?”

“ஏறிருச்சுங்க மாமா. இனிமே செயலியிலதான் வருமாம். மெயில் அனுப்பிச்சிருக்காங்களாம்.”

“மெயிலா? அது பையன் போன்லதான இருக்கும். அவன் திருப்பூர்ல இருக்கான்.”

அந்த மின்னஞ்சலின் அத்தனை குறையும் இந்த மூன்று வரிக்குள் வந்துவிட்டது. எஸ்.எம்.எஸ். ஒரு எண்ணுக்குப் போகிறது. சிம் எந்த போனில் இருந்தாலும், அது கீபேட் போனாக இருந்தாலும் வரும். புஷ் அறிவிப்பு எண்ணுக்குப் போவதில்லை. எந்த போனில் செயலி நிறுவப்பட்டு, உள்நுழைந்து, அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறதோ, அந்த ஒரு போனுக்குத்தான் போகும். செயலியை நிறுவி முதன்முறை திறக்கும்போது கூகுளின் ஃபயர்பேஸ் சேவை அந்த நிறுவலுக்கு ஒரு டோக்கன் கொடுக்கிறது. அனுப்புகிறவருக்குத் தெரிந்த முகவரி அந்த டோக்கன்தான்.

நாம் மேலே எடுத்துக்கொண்ட உறுப்பினர் 118 குடும்பத்தையே பார்க்கலாம். பதிவு எண் பெரியவருடையது, அவரிடம் இருப்பது கீபேட் போன். செயலி இருப்பது மருமகள் போனில். பால் பணம் பார்ப்பதற்காக அவர் போட்டது. மின்னஞ்சல் முகவரியோ திருப்பூரிலிருக்கும் மகனுடையது. எஸ்.எம்.எஸ்.ஸுக்கு இந்த மூவரில் ஒருவர் போதும். புஷ்ஷுக்கு மாறும்போது மூவரும் மூன்று திசையில் நிற்கிறார்கள். ‘அன்பார்ந்த வாடிக்கையாளரே’ என்ற அழைப்பு இவர்களில் யாருக்கு?

பொத்தான் ஏன் வேலை செய்யவில்லை

மின்னஞ்சலில் இருக்கும் எந்தப் பொத்தானாலும் ஒரு போனின் அறிவிப்பு அனுமதியை இயக்க முடியாது. ஆண்ட்ராய்டு 13 வந்த 2022 முதல், புதிதாக நிறுவும் செயலிக்கு அறிவிப்பு அனுமதி மூடியேதான் இருக்கும். செயலி திறந்திருக்கும்போது போன் ஒரு கேள்விப் பெட்டியைக் காட்டும், மனிதர் ‘அனுமதி’ என்று தொட்டால்தான் திறக்கும். பழைய ஆண்ட்ராய்டில் இருந்து 13க்கு ஏறிய போன்களில், முன்பே அறிவிப்பு திறந்திருந்த செயலிகளுக்கு அது அப்படியே தொடரும். அதனால் ஒரே ஊரில், ஒரே செயலியில், ஒருவருக்கு ஒன்றும் செய்யாமலே வருகிறது, பக்கத்து வீட்டுக்காரருக்கு வருவதில்லை.

மின்னஞ்சலின் பொத்தான் செயலியைத் திறந்தது. அதுவரை சரி. ஆனால் மகன் திருப்பூரில் தன் அலுவலகக் கணினியில் தொட்டபோது பிளே ஸ்டோர் பக்கம் திறந்தது, அவ்வளவுதான். மருமகள் போனில் தொட்டிருந்தால் செயலி திறந்து, அதற்குள்ளும் ‘இயக்கு’ என்று ஒரு பொத்தான் வந்திருக்கும். சிலர் அதைத் தொட்டார்கள், ஒன்றுமே நடக்கவில்லை. காரணம் இது: கேள்விப் பெட்டிக்கு இரண்டு முறை ‘அனுமதிக்க வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால், ஆண்ட்ராய்டு அந்தப் பெட்டியை மறுபடி காட்டாது. முதன்முதலில் செயலி போட்டபோது விளம்பரம் வரும் என்று பயந்து மறுத்தவர்கள் இவர்கள். போன் அமைப்புக்குள் போய்த்தான் திறக்க முடியும். செயலியோ பெட்டியையே கேட்டுக்கொண்டிருந்தது.

இதைச் சரி செய்வது சின்ன வேலை. அறிவிப்பு திறந்திருக்கிறதா, ரசீதுக்கான சேனல், அதாவது அந்த வகை அறிவிப்பு மட்டும், அணைக்கப்பட்டிருக்கிறதா என்று செயலி தானே பார்த்துக்கொள்ளலாம்:

```kotlin
val nm = NotificationManagerCompat.from(context)
val on = nm.areNotificationsEnabled()
val ch = nm.getNotificationChannel("milk_receipt")
val muted = ch?.importance == NotificationManager.IMPORTANCE_NONE
```

`on` பொய் என்றால் முதலில் பெட்டியைக் கேட்க வேண்டும். அது வரவில்லையென்றால் `Settings.ACTION_APP_NOTIFICATION_SETTINGS` வழியாக நேராக அந்தச் செயலியின் அறிவிப்புப் பக்கத்தைத் திறந்துவிட வேண்டும். `muted` மெய் என்றால் சிக்கல் வேறு மாதிரி. ஆண்ட்ராய்டு 8 முதல் ஒரு செயலியின் அறிவிப்புகள் சேனல்களாகப் பிரிந்திருக்கின்றன. பயனர் ஒரு சேனலை அணைத்துவிட்டால் செயலியால் அதைத் திரும்ப இயக்க முடியாது. மாட்டுத் தீவன விளம்பரத்தையும் பால் ரசீதையும் ஒரே சேனலில் அனுப்பியிருந்தார்கள். தீவன விளம்பரத்துக்கு எரிச்சல்பட்டு அணைத்தவர்களின் ரசீதும் சேர்ந்து நின்றுபோனது. இது மின்னஞ்சலுக்கு முந்தைய குற்றம், ஆனால் மின்னஞ்சல் வந்த அன்றுதான் வெளியே தெரிந்தது.

இரண்டாவது மின்னஞ்சல்

நிறுவனத்தோடு பேசி முதலில் தீர்மானித்தது ஒரே விஷயம்தான். தேதி பார்த்து எஸ்.எம்.எஸ்.ஸை நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு குடும்பத்திலும் அறிவிப்பு வந்து சேர்ந்தது என்று உறுதியான பிறகு, அந்தக் குடும்பத்துக்கு மட்டும் நிறுத்த வேண்டும். இதற்குச் சம்மதிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. சேமிப்பு தள்ளிப்போகும் அல்லவா? ஆனால் முதல் வாரம் மையங்களில் நடந்த சண்டையைப் பார்த்தபின் சரி என்றார்கள். அப்புறம்தான் எழுத உட்கார முடிந்தது. வாக்குறுதி என்ன என்று தெரியாமல் அறிவிப்பு எழுத முடியாது.

பொருள் வரி: பால் ரசீது இனி செயலியில் வரும்

> வணக்கம்.
>
> பால் ஊற்றியதும் உங்கள் எண்ணுக்கு எஸ்.எம்.எஸ்.ஸாக வரும் ரசீது, இனி எங்கள் செயலியில் அறிவிப்பாக வரும். லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப், தொகை நான்கும் முன்போலவே இருக்கும். தமிழில் இருக்கும்.
>
> உங்கள் போனில் அறிவிப்பு வருகிறது என்று நீங்கள் உறுதி செய்யும்வரை எஸ்.எம்.எஸ். நிற்காது. உறுதி செய்த பிறகும் ஒரு பட்டுவாடா முடியும்வரை இரண்டும் வரும்.
>
> பால் ஊற்றப் போகும்போது யார் கையில் எந்த போன் இருக்குமோ, அந்த போனில் இதைச் செய்யுங்கள். இந்த மின்னஞ்சலைப் படிப்பவர் வேறு ஊரில் இருந்தால், வீட்டில் இருப்பவருக்கு இதை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பலாம்.
>
> செயலியைத் திறந்து, மேலே உள்ள மணிப் படத்தைத் தொடுங்கள். ‘அறிவிப்பை அனுமதிக்கவா?’ என்று போன் கேட்டால் ‘அனுமதி’ என்று தொடுங்கள். கேட்காமல் வேறு ஒரு பக்கம் திறந்தால், அதில் ‘பால் ரசீது’ என்ற வரிசையில் உள்ள பொத்தானை இயக்குங்கள். பிறகு செயலிக்குத் திரும்பி ‘சோதித்துப் பார்’ என்பதைத் தொடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் ‘சோதனை ரசீது’ என்று ஓர் அறிவிப்பு வரும். அதைத் தொட்டால் வேலை முடிந்தது. வரவில்லை என்றால் உங்கள் மையத்தில் போனைக் காட்டுங்கள்.
>
> ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளுக்கு எஸ்.எம்.எஸ். தொடரும். அதற்கு நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்.
>
> செயலிக்குள் நுழைய வரும் ஓ.டி.பி. எப்போதும்போல் எஸ்.எம்.எஸ்.ஸில்தான் வரும். பால் பணம் ஏறியதற்கு வங்கி அனுப்பும் எஸ்.எம்.எஸ். வங்கியுடையது, அதில் மாற்றம் இல்லை.
>
> பழைய ரசீதுகள் செயலியில் ‘என் ரசீதுகள்’ பக்கத்தில் இருக்கும். அறிவிப்பை அழித்துவிட்டாலும் அங்கே இருக்கும்.
>
> இந்தச் செயலியை பிளே ஸ்டோரில் மட்டும் புதுப்பியுங்கள். நாங்கள் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ கோப்பாக எதையும் அனுப்ப மாட்டோம். ஓ.டி.பி.யை யாரும் கேட்க மாட்டோம்.

படம் இல்லை, பொத்தான் இல்லை. வெறும் எழுத்தாக அனுப்பியதற்குக் காரணம், படத்தை வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எழுத்து பொடியாகி, கண்ணாடி போட்டவர்களுக்கும் தெரியாது என்பதுதான். அந்தக் குடும்பங்களில் மின்னஞ்சலைப் படிப்பவர் வேறு, பால் ஊற்றுபவர் வேறு. மின்னஞ்சல் போய்ச் சேரும் கடைசி இடம் வாட்ஸ்அப் என்று ஒப்புக்கொண்டு எழுதியது இது. செயலியில் மலையாளம் தேர்ந்தவர்களுக்கு இதுவே மலையாளத்தில் போனது. வீட்டில் தமிழ் பேசினாலும் மலையாளப் பள்ளியில் படித்த பிள்ளைகள் நிறைய என்பதால், பேரையோ ஊரையோ வைத்து மொழியை ஊகிக்கவில்லை.

கடைசிப் பத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. சலான், மானியம் என்ற பேர்களில் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. என்ற செயலிக் கோப்பு அனுப்பி வங்கிக் கணக்கைச் சுரண்டும் மோசடி இந்தியா முழுக்க நடக்கிறது. ‘இப்போதே இயக்கு’ என்று ஊதா நிறத்தில் ஒரு பொத்தான் வைத்தால் அது மோசடி மாதிரியே இருக்கும். பயந்து தொடாமல் விட்டவர்கள்தான் புத்திசாலிகள்.

‘ஓ.டி.பி. எஸ்.எம்.எஸ்.ஸில்தான் வரும்’ என்ற வரியை நீக்கிவிடலாமா என்று நிறுவனத்தில் கேட்டார்கள். நீக்கவே கூடாது. ‘அனைத்து எஸ்.எம்.எஸ்.ஸும் நிறுத்தப்படும்’ என்று முன்பு படித்தவர்களில் சிலர் வங்கி எஸ்.எம்.எஸ்.ஸும் நின்றுவிடும் என்று எடுத்துக்கொண்டு மையத்தில் வந்து விசாரித்தார்கள். எது மாறாது என்று சொல்லாவிட்டால், எல்லாமே மாறுகிறது என்றுதான் மக்கள் படிப்பார்கள்.

மின்னஞ்சலையே பார்க்காதவர்களுக்காக ஓர் எஸ்.எம்.எஸ்.ஸும் போனது. ரசீது எஸ்.எம்.எஸ்.ஸின் வாலில் ஒரு வரி ஒட்டிவிடலாம் என்பது முதல் யோசனை. டி.எல்.டி. வார்ப்புரு அதற்கு இடம் கொடுக்காது. தனி வார்ப்புரு பதிவு செய்து ஒப்புதல் வந்த பிறகுதான் அனுப்ப முடிந்தது. இதை முன்கூட்டியே ஆரம்பிக்காமல் மின்னஞ்சல் தேதியை மட்டும் குறித்துவைப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

‘அனுப்பியாச்சு’ என்பது வந்து சேர்ந்ததாகாது

சோதனை ரசீதை விரலால் தொடச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஃபயர்பேஸ் சேவையிடம் ஒரு செய்தியைக் கொடுத்தால் அது ஓர் அடையாள எண்ணைத் திருப்பித் தரும். செய்தியை வாங்கிக்கொண்டேன் என்பதுதான் அதன் பொருள். போன் காட்டியதா, மனிதர் பார்த்தாரா என்பது அதில் தெரியாது. முதல் வாரம் நிறுவனத்தின் திரையில் எல்லாமே பச்சையாக இருந்தது, மையங்களில் சண்டை நடந்துகொண்டிருந்தது.

வழியில் என்ன ஆகலாம்? செயலி ‘ஃபோர்ஸ் ஸ்டாப்’ ஆகியிருந்தால் மறுபடி திறக்கும்வரை எதுவும் வராது. சில போன்களில் பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னணியில் இருக்கும் செயலிகளைப் போனே அணைத்துவிடும். ரெட்மி போன்களில் `Autostart`, ஓப்போ, ரியல்மி போன்களில் `Auto launch` போன்ற அமைப்பு மூடியிருந்தால் இப்படி ஆகிறது. இதன் அடையாளம் எளிது: சோதனை ரசீது உடனே வரும், ஏனென்றால் அப்போது செயலி திறந்திருக்கிறது. மறுநாள் காலை ரசீது வராது. செயலியைத் திறந்தவுடன் வந்து விழும். இதைக் கண்டுபிடித்த பிறகு சோதனையை மாற்றினார்கள். ‘சோதித்துப் பார்’ தொட்டதும் ஒன்று, அன்று சாயங்காலம் செயலி மூடியிருக்கும்போது இன்னொன்று. இரண்டாவதும் வந்து சேர்ந்தால்தான் உறுதி.

அடுத்தது மொபைல் டேட்டா. பகல் முழுக்க டேட்டாவை அணைத்துவைத்துவிட்டு ராத்திரி மட்டும் இயக்குகிறவர்கள் இந்தப் பக்கம் சாதாரணம். டேட்டா இல்லாதபோது ஃபயர்பேஸ் செய்தியைத் தன்னிடமே வைத்திருக்கும், அதிகபட்சம் நான்கு வாரம். ஆனால் நிறுவனத்தின் செயலியில் எல்லா ரசீதுக்கும் ஒரே `collapse_key` கொடுத்திருந்தார்கள். ஒரே சாவியோடு காத்திருக்கும் செய்திகளில் கடைசியாக வந்தது மட்டுமே தங்கும். ராத்திரி டேட்டாவை இயக்கியவர்களுக்குச் சாயங்கால ரசீது வந்தது, காலை ரசீது வரவேயில்லை. ‘காலைப் பாலைக் கணக்கில் ஏற்றவில்லை’ என்ற புகார்களில் பல இதிலிருந்து வந்தவைதான். கிரிக்கெட் ஸ்கோருக்கு அந்தச் சாவி பொருத்தம், பழைய ஸ்கோர் யாருக்கும் வேண்டாம். பால் ரசீதில் பழையதும் பணம். சாவியை எடுத்துவிட்டார்கள். சாதாரண அறிவிப்புச் செய்தி சாவி இல்லாவிட்டாலும் இப்படித்தான் ஒன்றாகச் சுருங்கும் என்பதால், கீழே வரும் டேட்டா செய்தி மாற்றமும் இதற்குத் தேவைப்பட்டது.

முன்னுரிமையும் உயர் என்று மாற்றப்பட்டது. சாதாரண முன்னுரிமையில் போகும் செய்தி, போன் அசையாமல் கிடந்து ஆழ்ந்த உறக்கத்தில் இருக்கும்போது நேரம் கழித்தே வரும். இங்கே நேரத்துக்கு மதிப்பு உண்டு. கொழுப்பு குறைவாகக் காட்டியிருந்தால் சாம்பிளை மறுபடி போட்டுப் பார்க்கச் சொல்லலாம், ஆனால் பால் வண்டி ஏறுவதற்குள் சொல்ல வேண்டும். நேற்றுவரை 4.0 வந்த மாட்டுக்கு இன்று 3.4 என்றால் சாயங்காலம் தெரிந்து பிரயோசனம் இல்லை.

எனவே பின்வழி ஒன்று வைத்தார்கள். ரசீது போனுக்கு வந்ததும் செயலி அமைதியாக ‘வந்தது’ என்று திருப்பிச் சொல்லும். இதற்காக அறிவிப்பை டேட்டா செய்தியாக அனுப்பிச் செயலியே காட்டும்படி மாற்ற வேண்டியிருந்தது, ஏனென்றால் சாதாரண அறிவிப்புச் செய்தியைப் பின்னணியில் போனே காட்டிவிடும், செயலியின் காதுக்கு எட்டாது. அரை மணி நேரத்துக்குள் ‘வந்தது’ வராவிட்டால் அந்த ஒரு ரசீது மட்டும் எஸ்.எம்.எஸ்.ஸாகப் போகும். டேட்டாவை அணைத்துவைக்கிறவர்களுக்கு இதனால் தினமும் எஸ்.எம்.எஸ். போகிறது, உண்மைதான். அந்தச் செலவை நிறுவனம் ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. டேட்டாவை எந்நேரமும் இயக்கிவைக்கச் சொல்லும் உரிமை பால் வாங்குகிறவருக்கு இல்லை.

எஸ்.எம்.எஸ். ஒரு சாட்சி

வடிவமைத்தவர்கள் யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்றை மையத்தில் கணக்கு எழுதும் பெண்தான் எடுத்துச் சொன்னார். பட்டுவாடா நாளில் பெரியவர்கள் போனை நீட்டி, வாரம் முழுக்க வந்த எஸ்.எம்.எஸ்.ஸை ஒவ்வொன்றாகக் காட்டிக் கூட்டச் சொல்வார்களாம். அச்சடித்த சிலிப் வேர்வையில் மங்கிவிடும், எஸ்.எம்.எஸ். மங்காது. நிறுவனம் தன் கணக்கை மாற்றினாலும் அவர் போனில் இருப்பது மாறாது. அது அவர் கையிலிருக்கும் சாட்சி.

புஷ் அறிவிப்புக்கு அந்தக் குணம் இல்லை. விரலால் தள்ளினால் போய்விடும். ஆண்ட்ராய்டு 11 முதல் அறிவிப்பு வரலாறு என்று ஒரு வசதி இருக்கிறது, அதை இயக்கி வைத்திருந்தாலும் 24 மணி நேரத்துக்கு உள்ளானதுதான் தெரியும். ‘என் ரசீதுகள்’ பக்கம் இந்தக் குறையைத் தீர்க்கத்தான். ஆனால் அந்தப் பக்கத்தில் முதலில் நிறுவனத்தின் சர்வரில் இருப்பதையே காட்டினார்கள். அங்கே எண் மாறினால் இங்கேயும் சத்தமில்லாமல் மாறிவிடும். இப்போது வந்த ரசீது போனிலேயே சேமிக்கப்படுகிறது. பின்னால் திருத்தம் நடந்தால் பழைய எண்ணும் புது எண்ணும் இரண்டுமே தெரியும், திருத்திய நேரத்தோடு. இரண்டாவது மின்னஞ்சலில் ‘அறிவிப்பை அழித்துவிட்டாலும் அங்கே இருக்கும்’ என்று ஒரு வரி வைக்க முடிந்தது இந்த வேலை முடிந்த பிறகுதான்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் இந்த மையங்களில் மிகக் குறைவு. அவர்களுக்கு அனுமதிப் பெட்டி ஒரே முறைதான் வரும், மறுத்தால் அமைப்புக்குள் போக வேண்டும். அதற்குத் தனியாக ஒரு சின்ன மின்னஞ்சல் போனது.

உறுப்பினர் 118, கடைசியில்

அந்த வீட்டில் பெரியவர்தான் தினமும் கேனைத் தூக்கிக்கொண்டு போகிறவர். அவர் கையில் கீபேட் போன். மருமகள் வீட்டில் கறக்கிறவர். மருமகள் போனில் சோதனை ரசீது இரண்டும் வந்தன. திட்டப்படி பெரியவருக்கு எஸ்.எம்.எஸ். நின்றிருக்க வேண்டும். மையத்திலிருந்து தடுத்தார்கள்: “ஊத்தறவரு கையில ஒண்ணும் இல்லாமப் போயிருமுங்க.” நியாயமான பேச்சு. உறுதி செய்த போனின் சிம் எண்ணும் பதிவு எண்ணும் வேறு வேறாக இருந்தால், எஸ்.எம்.எஸ்.ஸை நிறுத்துவதற்கு முன் பதிவு எண்ணுக்கு ஒரு கேள்வி போகும்படி மாற்றினார்கள். மையத்தில் வாயால் ‘நிறுத்தலாம்’ என்று சொன்னாலும் போதும். பெரியவர் நிறுத்தச் சொல்லவில்லை. அவருக்கு எஸ்.எம்.எஸ்.ஸும் மருமகளுக்கு அறிவிப்புமாக இரண்டும் போகின்றன.

சில மாதம் கழித்து மருமகள் புது போன் வாங்கினார். பழைய போனில் செயலியை நீக்கியதும் அதன் டோக்கன் செத்தது. செயலியை நீக்கினாலோ, அதன் தரவை அழித்தாலோ பழைய டோக்கன் பயன்படாது. அதற்கு அனுப்பினால் ஃபயர்பேஸ் `UNREGISTERED` என்று பதில் சொல்லும். நிறுவனத்தின் சர்வர் அந்தப் பதிலைப் பார்த்ததும் அந்த வீட்டை ‘உறுதியாகாதது’ பட்டியலுக்குத் திருப்பும், எஸ்.எம்.எஸ். நின்றுபோன வீடாக இருந்தால் அது தானாகத் திரும்ப வரும். மையத்துத் திரையில் உறுப்பினர் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் புள்ளி வரும். புள்ளியைப் பார்த்தால், அடுத்து பால் ஊற்ற வரும்போது, “புது போனுங்களா? செயலி போட்டுட்டீங்களா?” என்று கேட்டுவிடுகிறார் கணக்கு எழுதும் பெண்.